"பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று எழுதினால்...



மாதம் 35 வெள்ளி வாடகை; குத்தகை "அவர் விரும்பும் காலம் வரை". இப்படி ஓர் உடன்பாடு, 1916-இல் அன்றைய மலாய் கூட்டு மாநிலங்களின் நீதிமன்றத்திற்குப் போனது. கருப்பன் செட்டி எதிர் சுவா தியான் என்ற அந்த வழக்கைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். உடன்பாடு செல்லாது என்பதே தீர்ப்பு.

வாடகைதான் தெளிவாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். காலம் எங்கே? அவருக்கு விருப்பம் ஒரு நாளா, ஆயுள் முழுவதுமா? நீதிமன்றம் இருவர் செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றி வைக்கும். அவர்களுக்குப் பதிலாக ஒப்பந்தம் எழுதித் தராது. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது.

"நிச்சயப்படுத்தவும் முடியாத" என்ற சொற்களைக் கவனியுங்கள். ஒருவர் "நூறு டன் எண்ணெய் விற்கிறேன்" என்றால் எந்த எண்ணெய் என்று தெரியாது. அவர் தேங்காயெண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரியானால் அவருடைய தொழிலே விடை சொல்லிவிடும். அதுபோல, அரிசியின் விலையை மூன்றாம் ஆள் ஒருவர் முடிவு செய்வார் என்று எழுதினாலும் செல்லும். விலை இன்று தெரியாவிட்டாலும், தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பம் கிள்ளானில் சாப்பாட்டுக் கடைக்கு இடம் பிடிக்கிறது என்று வையுங்கள். இரண்டு ஆண்டுக்கு மாதம் 900 வெள்ளி, அதன்பின் மேலும் இரண்டு ஆண்டு, "வாடகை அப்போது பேசி முடிவு செய்யப்படும்." முதல் இரண்டு ஆண்டுக்குக் குறையில்லை. அடுப்பு மேடை, தண்ணீர்க் குழாய் எல்லாம் கைக்காசில் போட்டாகிவிட்டது. காலம் முடிந்ததும் கடைக்காரர் 1,600 கேட்கிறார். அந்த வரியைக் காட்டி வழக்குப் போட்டால் பொதுவாக நிற்காது. பேசி முடிவு செய்வோம் என்றால், முடிவு இன்னும் பிறக்கவில்லை என்றுதானே பொருள்!

அதே வரியை "பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அன்றைய சந்தை நிலவரப்படி குறிக்கும் வாடகை" என்றோ, "900 வெள்ளிக்கு மேல் நூற்றுக்குப் பத்து கூட்டி, அதாவது 990 வெள்ளி" என்றோ எழுதியிருந்தால் கதையே வேறு. கையெழுத்துக்கு முன், பேச்சில் கலந்துகொள்ளாத உறவினர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, மூன்றாம் ஆண்டு வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். அவர் உங்களைத் திருப்பிக் கேட்டால் அந்த வரி இன்னும் எழுதி முடியவில்லை.

முன்பணம் கொடுத்த பிறகு உடன்பாடு செல்லாது என்று தெரியவந்தால், பணத்தோடு அதையும் மறந்துவிட வேண்டாம். வாங்கிய பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவு. ஆனால் கொடுத்ததைக் காட்ட வேண்டும். எனவே தொகை, தேதி, எதற்காக என்ற மூன்றும் எழுதிய ரசீதை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.