அழிந்துபோன 48 விநாடிகள்

பெயரும் ஊரும் வேண்டாம். வழக்கு இன்னும் முடியவில்லை. கோயில் திருவிழா அன்று காலனிப் பையன் ஒருவன் ஊர்த் தெரு வழியாக வண்டியில் போனான் என்பதற்காக அவனை நிறுத்தி, சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு பையன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டான். 48 விநாடி. முகம் தெரிகிறது, பேச்சு கேட்கிறது, பின்னால் தேநீர்க் கடை, அங்கே பத்துப் பேர் நிற்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்திய குற்றம் நிற்க வேண்டுமானால், அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். அந்த 48 விநாடியில் அதுவும் இருந்தது.

வாட்ஸ்அப்பில் நாலைந்து பேருக்கு அனுப்பினான். மாலைக்குள் மாவட்டமே பார்த்துவிட்டது. கைப்பேசியில் இடம் இல்லையென்று ஒரு வாரத்தில் அசலை அழித்தான். எல்லாரிடமும்தான் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறான். பிறகு அந்தக் கைப்பேசியையே கொடுத்துவிட்டு வேறு வாங்கினான். போலீசாருக்குக் கிடைத்தது, கணினி மையத்தில் யாரோ ஏற்றிக் கொடுத்த பென் டிரைவ். விசாரணையில் அரசு வழக்குரைஞர் அதைச் சான்றாவணமாகக் குறிக்க முயன்றபோது எதிர்த்தரப்பு வழக்குரைஞர் இரண்டு கேள்விதான் கேட்டார். ‘இது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது? சான்றிதழ் எங்கே?’ மாவட்டமே பார்த்த படத்தை நீதிபதி மட்டும் பார்க்கவில்லை. இதற்கிடையே நேரில் பார்த்த நான்கு சாட்சிகளில் இருவர் பிறழ்ந்துவிட்டார்கள்.

இது நீதிமன்றத்தின் அடாவடி என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் பின்னால் ஒரு பழைய விதி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நம் வழக்குகளைக் காப்பாற்ற முடியாது.

காகிதத்திலிருந்து தொடங்கினால் எளிது. உங்கள் தாத்தாவுக்கு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா இருக்கிறது. அந்தக் காகிதத்தையே நீதிமன்றத்தில் காட்டினால் அது முதன்மைச் சான்று. அதன் ஜெராக்ஸைக் காட்டினால் அது இரண்டாம் நிலைச் சான்று. ஆவணத்தில் எழுதியிருப்பதை மெய்ப்பிக்க முதன்மைச் சான்றுதான் வர வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் சொன்ன விதி. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அதையேதான் சொல்கிறது. நகலுக்கு வழியே இல்லை என்பதில்லை. அசல் தொலைந்துபோனால், எரிந்துபோனால், எதிராளி கையில் சிக்கி அவர் தர மறுத்தால் நகலைக் கொடுக்கலாம். ஆனால் அசல் ஏன் வரவில்லை என்பதை முதலில் நீங்கள் நிறுவ வேண்டும். நகலும் அசலிலிருந்து எடுத்ததாகவோ அசலோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகவோ இருக்க வேண்டும். நகலின் நகல், அதுவும் யாரும் அசலோடு ஒப்பிடாதது, இரண்டாம் நிலைச் சான்றாகக்கூட ஆகாது. பட்டா விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. அரசு அலுவலகப் பதிவேடு பொது ஆவணம் என்பதால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய சான்றிட்ட நகலே போதும்.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். படம் எடுத்த கைப்பேசியும் அதனுள் இருக்கும் கோப்பும் பட்டாவின் அசல் மாதிரி. பென் டிரைவும் சி.டி.யும் அச்செடுத்த பக்கமும் ஜெராக்ஸ் மாதிரி. காகித நகலைவிட இந்த நகலின்மேல் சந்தேகம் கூடுதல். வெட்டி ஒட்டியதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது அல்லவா? அதனால் 2000ஆம் ஆண்டில் பழைய சட்டத்தில் 65பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மின்னணுப் பதிவின் நகலைக் கொண்டுவந்தால் கூடவே ஒரு சான்றிதழும் வர வேண்டும் என்றது அது. புதிய சட்டத்தில் அது 63ஆம் பிரிவு.

இந்தச் சான்றிதழின் கனம் பலருக்கும் தெரியவந்தது கேரளத்து வழக்கு ஒன்றில். 2011 சட்டமன்றத் தேர்தலில் ஏறநாடு தொகுதியில் தோற்ற பி.வி. அன்வர், வென்ற பி.கே. பஷீரின் வெற்றி செல்லாது என்று வழக்குப் போட்டார். பிரச்சாரத்தில் ஒலித்த பாட்டுகளும் பேச்சுகளும் சட்டவிரோதமானவை என்பது அவர் வாதம். அவற்றைப் பதிவு செய்த கருவிகளை அவர் கொண்டுவரவில்லை. கணினியில் ஏற்றி, சி.டி.களாக்கிக் கொடுத்தார். சான்றிதழும் இல்லை. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சி.டி.களை ஏற்க முடியாது என்றது. பதிவு செய்த கருவிகளையே தாக்கல் செய்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. நம் பையனின் கைப்பேசியை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்துப் பாருங்கள். அசலை அவன் வைத்திருந்து, சாட்சிக் கூண்டில் ஏறி ‘இது என் கைப்பேசி, இந்தப் படத்தை நான் எடுத்தேன்’ என்று சொல்லியிருந்தால் சான்றிதழ் பற்றிய கேள்வியே எழுந்திருக்காது.

சரி, நகல்தான் கொடுக்க முடியும் என்றால்? புதிய சட்டத்தின் அட்டவணையில் சான்றிதழின் படிவமே இருக்கிறது. இரண்டு பகுதிகள். முதல் பகுதியைக் கருவியைக் கையில் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும். கருவியின் நிறுவனம், மாடல், நிறம், வரிசை எண், IMEI எண் எல்லாம் எழுத வேண்டும். கருவி தன் பொறுப்பில் முறையாக இயங்கியது என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். இது பழைய சட்டத்தில் இல்லாத புதுச் சுமை. யார் அந்த நிபுணர் என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை. போலீசார் தடய அறிவியல் துறையை நாடிக்கொள்வார்கள். தனியாகப் புகார் மனுவோடு நீதிமன்றம் போகும் கூலித் தொழிலாளி நிபுணருக்கு எங்கே போவார்? சட்டம் எழுதியவர்கள் அவரை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1க்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய 65பி சான்றிதழே பொருந்தும். அதற்கு நிபுணர் கையெழுத்து தேவையில்லை.

இரண்டு பகுதியிலும் ‘ஹேஷ் மதிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. கல்லூரி மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோப்பை SHA256 போன்ற கணக்கீட்டுக்குள் செலுத்தினால் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை ஒன்று கிடைக்கும். அதைக் கோப்பின் கைரேகை எனலாம். கோப்பைத் திறந்து பார்த்தாலும் பெயரை மாற்றினாலும் கைரேகை மாறாது. ஒரு விநாடியை வெட்டினால் முற்றிலும் மாறிவிடும். கைப்பேசியில் இருக்கும் கோப்பின் மதிப்பும் பென் டிரைவில் இருப்பதன் மதிப்பும் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே கோப்பு என்று துணிந்து சொல்லலாம். வாட்ஸ்அப் காலை வாருவது இங்கேதான். சாதாரணமாக வீடியோ அனுப்பும்போது அது கோப்பைச் சுருக்கி அனுப்புகிறது. எடுத்த நேரம், எடுத்த கருவி பற்றிய உள்விவரங்களும் உதிர்ந்துவிடுகின்றன. பார்ப்பதற்கு அதே படம், கைரேகை வேறு. அவசரமாக அனுப்பியே தீர வேண்டுமென்றால் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு சுருங்காமல் போகும். அப்போதும் அசலை அழிக்கக் கூடாது.

கருவி நம் கையில் இல்லாமல் எதிராளி கையிலோ அதிகாரி கையிலோ இருந்தால் என்ன செய்வது? 2014இல் மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் வேட்புமனு நேரம் கடந்து வாங்கப்பட்டது என்று ஒரு வழக்கு. தேர்தல் அதிகாரி அலுவலகத்தின் கேமராப் பதிவுகள்தான் சான்று. மனுதாரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம்தான் என்று உறுதி செய்தது. ஆனால் தன்னால் முடிந்த எல்லாம் செய்தும் பிறர் தர மறுத்தால் அந்தக் கட்டாயம் அவரைக் கட்டாது என்றது. கருவியை வைத்திருப்பவரிடமிருந்து சான்றிதழைப் பெற்றுத் தரும்படி நீதிமன்றத்திடம் மனுப் போடலாம். விசாரணை முடிவதற்குள் சான்றிதழைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே வாயால் கேட்டதில் பயனில்லை. எழுத்தில் கேட்டு, ஒப்புகையோடு அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் அந்த ரசீதே உங்களுக்குத் துணை.

கண்காணிப்புக் கேமராவுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. கடையிலும் கோயிலிலும் இருக்கும் பதிவுப் பெட்டியில் வன்தட்டு நிறைந்ததும் பழைய காட்சிமேல் புதியது தானாக ஏறிவிடும். தட்டின் அளவைப் பொறுத்துச் சில நாளிலோ சில வாரத்திலோ அது நடக்கும். யாரும் அழிக்க வேண்டியதில்லை; அதுவே அழிந்துபோகும். 2015 ஜூனில் கொல்லப்பட்ட ஓமலூர் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கை எண்ணிப் பாருங்கள். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் கேமராப் பதிவு அந்த வழக்கின் முதுகெலும்பு. முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கு நின்றது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 2023 ஜனவரியில் கோயிலுக்கே போய் இடத்தைப் பார்வையிட்டார்கள். ஜூனில் யுவராஜ் உள்ளிட்டோரின் தண்டனையை உறுதி செய்தார்கள். அந்தப் பதிவுமேல் வேறு காட்சி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனவே சம்பவம் நடந்தால் புகாரிலேயே ஒரு வரி எழுதுங்கள்: இன்ன கடையில், இன்ன திசை பார்த்துக் கேமரா இருக்கிறது, அதன் பதிவுப் பெட்டியை உடனே கைப்பற்ற வேண்டும். வன்கொடுமை வழக்கை விசாரிப்பவர் டி.எஸ்.பி. என்பதால் மனுவின் ஒரு படி அவர் அலுவலகத்துக்கும் போகட்டும். கைப்பேசியை ஒப்படைக்கும்போது மகஜரில் IMEI எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கருவி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரிசையையும் குற்றப்பத்திரிகையில் காட்ட வேண்டும் என்று இப்போதைய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அந்த வரிசை உங்கள் கையெழுத்தில்தான் தொடங்குகிறது.

சான்றிதழ் இருந்துவிட்டால் வென்றுவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். சான்றிதழ் வாசல் கதவைத்தான் திறக்கும். குரல் யாருடையது, படம் முழுமையானதா, வெட்டியதா என்ற குறுக்கு விசாரணை அதற்குப் பிறகும் உண்டு. படம் எடுத்தவர் வந்து சாட்சி சொல்லியே ஆக வேண்டும்.

இதில் ஏழைக்கு ஒரு வலி இருக்கிறது. கைப்பேசியைக் கொடுத்தால் அது எப்போது திரும்பும் என்று தெரியாது. வங்கிக் குறுஞ்செய்தி, பிள்ளையின் பாடம் எல்லாம் அதில்தான். நீதிமன்றத்தில் மனுப் போட்டு இடைக்காலப் பொறுப்பில் திரும்பப் பெற வழி உண்டு. தடய அறிவியல் ஆய்வகத்தில் கோப்பை எடுத்து ஹேஷ் மதிப்பைப் பதிவு செய்த பிறகு கேட்டால் எளிதாகும். திரும்பக் கிடைத்தாலும் அந்தக் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ, அந்தக் கோப்பைத் தொடவோ கூடாது.

நம் பையன் கைப்பேசியைக் கொடுத்த கடைக்காரரைத் தேடிப் போனோம். அது நான்கு கை மாறிவிட்டது. அட்டைப் பெட்டி மட்டும் அவன் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதன் மேலிருந்த IMEI எண்ணை எழுதி வழக்குரைஞரிடம் கொடுத்திருக்கிறோம்.