பெல்ட்டை இறுக்கினால் பேரிங் போகும்: திறனைக் கணக்கிடுவது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிய கிணற்றிலிருந்து மேட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "5 குதிரைத்திறன் ஆயில் என்ஜினில் பட்டை பெல்ட் போட்டுப் பம்பை ஓட்டுகிறோம். இரண்டு புல்லியும் 15 செ.மீ. விட்டம். என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று. இப்போது மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. பெல்ட்டை இழுத்துக் கட்டினால் ஏறுகிறது, ஆனால் பம்பு பேரிங் கொதிக்கிறது. என்ன செய்வது?"

பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது திறனைத் தருவதில்லை. ஓடும்போது என்ஜின் புல்லி தன் பக்கம் இழுக்கும் பாதி இறுகியும், திரும்பிப் போகும் பாதி தளர்ந்தும் இருக்கும். இந்த இரண்டு இழுவைகளின் வித்தியாசம்தான் பம்பைச் சுற்றுகிறது. அந்த வித்தியாசத்தைப் பெல்ட்டின் வேகத்தால் பெருக்கினால் கடத்தப்படும் திறன் கிடைக்கும். பேரிங் மீது விழுவதோ இரண்டு இழுவைகளின் கூட்டுத்தொகை.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். 15 செ.மீ. புல்லி ஒரு சுற்றுக்கு 0.47 மீட்டர் பெல்ட்டை இழுக்கும். 1,500 சுற்று என்றால் விநாடிக்கு 25 சுற்று. ஆக, பெல்ட் விநாடிக்கு சுமார் 11.8 மீட்டர் ஓடுகிறது.

75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் தூக்குவது ஒரு குதிரைத்திறன். பம்பு 5 குதிரைத்திறனையும் வாங்குகிறது என்றால் 5 × 75 = 375. இதை 11.8 ஆல் வகுத்தால் 32 கிலோ வருகிறது. இரு பக்க இழுவைக்கும் இடையே இந்த 32 கிலோ வித்தியாசம் இருந்தாக வேண்டும்.

வித்தியாசம் எவ்வளவு வரை போகலாம் என்பதைப் புல்லியில் பெல்ட்டின் பிடிப்பு தீர்மானிக்கிறது. இரண்டு புல்லியும் ஒரே அளவு என்பதால் பெல்ட் ஒவ்வொன்றிலும் பாதி வட்டம் சுற்றியிருக்கிறது. பெல்ட் சுத்தமாக, உலர்ந்திருந்தால் இறுகிய பக்கம் தளர்ந்த பக்கத்தைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வரை இழுக்கலாம். அதற்கு மேல் போனால் வழுக்கும். அதன்படி இறுகிய பக்கம் 53 கிலோ, தளர்ந்த பக்கம் 21 கிலோ போதும். வித்தியாசம் 32 கிலோ. பேரிங் மீது சுமை சுமார் 75 கிலோ.

இப்போது அதே பெல்ட்டில் என்ஜின் ஆயில் தெறித்துப் பிடிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மடங்கு என்பது சுமார் 1.6 மடங்காகிவிடும். முன்பு கட்டிய அளவிலேயே இருந்தால் 46 கிலோவும் 29 கிலோவுமாகத்தான் நிற்கும். வித்தியாசம் 17 கிலோ. அதாவது 2.7 குதிரைத்திறனுக்கு மேல் கேட்டால் பெல்ட் வழுக்கும். வழுக்காமல் 5 குதிரைத்திறனும் கடத்த வேண்டுமானால் 85 கிலோவும் 53 கிலோவுமாக இறுக்க வேண்டும். பம்புக்குக் கிடைப்பது அதே 32 கிலோ. பேரிங் சுமப்பதோ 138 கிலோ. பேரிங் கொதிப்பதற்குக் காரணம் இதுதான்.

வழுக்கல் இருக்கிறதா என்பதை, சுற்று அளக்கும் டாக்கோமீட்டரை இரண்டு புல்லியிலும் காட்டிப் பார்த்துக்கொள்ளலாம். என்ஜின் 1,500 சுற்றும்போது பம்பு 1,470 சுற்றினால் கவலையில்லை. 1,350 என்றால் பத்தில் ஒரு பங்கு வழுக்கல். சுற்று அந்த அளவு குறைந்தால் பம்பு தண்ணீரைத் தூக்கும் உயரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். சமதரையில் இது தெரியாது. மேட்டுத் தோட்டத்தில்தான் குழாய் வாயில் தண்ணீர் நின்றுவிடும். ரப்பர் கருகும் வாசனையும், கண்ணாடி போல் பளபளக்கும் பெல்ட்டும் அதே வழுக்கலின் அடையாளங்கள்.

எனவே இறுக்குவதற்கு முன் என்ஜினை நிறுத்தி, ஆயில் ஒழுகும் இடத்தை அடைத்து, பெல்ட்டையும் புல்லிகளையும் துடைத்து உலர்த்த வேண்டும். அடுத்து, இறுகிய பாதி கீழேயும் தளர்ந்த பாதி மேலேயும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் பாதி தொய்ந்தால் பெல்ட் புல்லியை இன்னும் அதிகமாகச் சுற்றிப் பிடிக்கும். கீழ்ப் பாதி தொய்ந்தால் பிடிப்பு விடும்.

இவ்வளவு செய்தும் போதாவிட்டால் இரண்டு புல்லிகளையும் சேர்த்து 20 செ.மீ. ஆக்கலாம். பம்பின் சுற்று மாறாது. பெல்ட் விநாடிக்கு 15.7 மீட்டர் ஓடும். 24 கிலோ வித்தியாசமே போதும், பேரிங் சுமையும் 56 கிலோவாகக் குறையும். அதற்கேற்ற நீளத்தில் பெல்ட் வாங்க வேண்டியிருக்கும். ஒரு புல்லியை மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் பம்பின் வேகமே மாறிவிடும்.