எண் மாறினால் பொருளும் மாறும்

நீண்ட வணிக ஒப்பந்தத்தில் பிரிவு எண்கள் மாறும்போது நேரும் பிழைகளுள், கண்ணுக்குத் தெரியும் பிழை அவ்வளவு ஆபத்தானதன்று. சுட்டப்பட்ட பிரிவு கோப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தால், அவ்விடத்தில் வேர்டு மென்பொருள் "Error! Reference source not found." என்று காட்டும், யாரேனும் அதைத் திருத்திவிடுவர். இயல்பாகப் படிக்கத்தக்க தவறான எண்ணே அஞ்சத்தக்கது.

ஒரு நிறுவனத்தின் பங்குகளை விற்கும் ஒப்பந்த வரைவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் 11ஆம் பிரிவு இரகசியக் காப்பு, 12 இழப்பீடு, 13 பொறுப்பு வரம்பு. விற்பனைக்கு முந்தைய ஆண்டுகளின் வரி நிலுவையை விற்பவரே ஏற்க வேண்டும் என்கிறது 12.3. விற்பவரின் மொத்தப் பொறுப்பு 20 கோடி ரூபாயைத் தாண்டாது என்கிறது 13.1. பிரிவு 12.3இன் கீழ் எழும் பொறுப்புக்கு அவ்வரம்பு பொருந்தாது என்கிறது 13.2.

கையெழுத்துக்கு முந்தைய நாள், விற்பவர் போட்டித் தொழில் தொடங்கலாகாது என்னும் நிபந்தனை புதிய 9ஆம் பிரிவாகச் சேர்கிறது. அதற்குப் பின்வரும் எண்கள் யாவும் ஒன்று கூடுகின்றன. 13.2 இப்போது 14.2, ஆனால் அதனுள் கையால் தட்டச்சிட்ட 12.3 அப்படியே நிற்கிறது. புதிய 12.3 இரகசிய மீறலைப் பற்றியது. இரகசிய மீறலுக்கு வரம்பு கிடையாது என ஒப்பந்தங்கள் கூறுவது வழக்கமே. ஆதலால் படிப்பவர் ஐயுறார். பின்னர் 35 கோடிக்கு வரிக் கோரிக்கை வந்தால், வாங்கியவருக்கு ஒப்பந்தச் சொற்படி 20 கோடியே கிடைக்கும்.

ஆவணத்தைத் திருத்தித் தருமாறு 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 26ஆம் பிரிவின்கீழ் கோரலாம். ஆயினும், இருதரப்பின் உண்மையான நோக்கம் வேறு என்பதை வாங்கியவர் பழைய வரைவுகளையும் கடிதங்களையும் கொண்டு நிறுவ வேண்டும். பொருளற்ற எண் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். பொருள் தரும் எண் அவ்வாறு காட்டாது.

தானியங்கிச் சுட்டும் முழுக் காப்பன்று. வேர்டின் REF புலங்கள் எண் மாறிய உடனே புதுப்பிக்கப்படுவதில்லை. Ctrl+A, பிறகு F9 அழுத்த வேண்டும். கையால் இட்ட எண்ணை அதுவும் தொடாது. எனவே சரிபார்ப்பவர், சுட்டப்பட்ட எண் ஒப்பந்தத்தில் உள்ளதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அவ்விடத்திற்குச் சென்று அங்குள்ள வாசகத்தையும் படிக்க வேண்டும். "பிரிவு 12.3 (முந்தைய வரி நிலுவை)" என எண்ணோடு பொருளையும் எழுதியிருந்தால், முரண்பாடு முதல் வாசிப்பிலேயே தென்பட்டிருக்கும்.

இதனினும் எளிய வழியைச் சட்டமியற்றுவோர் நெடுங்காலமாகக் கையாள்கின்றனர். இந்திய அரசமைப்பில் கல்வியுரிமை 21ஏ என்றும், சொத்துரிமை 300ஏ என்றும் இடையே சேர்க்கப்பட்டன. பிற எண்கள் அசையவில்லை. இறுதிக்கட்ட ஒப்பந்த வரைவுக்கும் இதுவே விதியாக வேண்டும். 8ஏ என்ற எண் அழகற்றது என்பர் சிலர். ஆனால் புதிய நிபந்தனை 8ஏ என்று நுழைந்திருந்தால், 12.3 வரி நிலுவையையே சுட்டியிருக்கும். வாங்கியவர் 15 கோடியை இழக்கும் நிலை எழுந்திராது.