பொங்கலுக்கு வெள்ளையடிக்க எத்தனை கிலோ சுண்ணாம்பு? "மூட்டை" கணக்கை நம்பாதீங்க

மார்கழி வந்தாலே ஊரிலிருந்து ஒரு போன் வரும். "வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்பா, பணம் அனுப்பு." நாமளும் எவ்வளவுன்னு கேட்காம ஜிபே பண்ணிடுவோம். ரெண்டு வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் பண்ணினேன். அப்போ போனஸ் வந்த தெம்பில், "சுண்ணாம்பெல்லாம் எதுக்கு, எமல்ஷனே அடிச்சிடுங்க"ன்னு 38,000 ரூபாய் அனுப்பினேன்.

எங்க வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் இந்த மாதிரி சுவர் வழியாத்தான் வெளியே போகும். எமல்ஷன் அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் தோல் மாதிரி உட்கார்ந்துடுச்சு. அடுத்த ஐப்பசி மழையிலேயே வெளிச்சுவர் முழுக்கக் கொப்புளம். தை மாசத்துக்குள்ள பாளம் பாளமா உரிஞ்சு விழுந்தது. பெயின்ட் மட்டமானதுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தச் சுவருக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். உங்க வீடு சிமென்ட் பூச்சு, பட்டி, எமல்ஷன்னு ஏற்கனவே மாறியிருந்தா, அதுக்கு மேல சுண்ணாம்பு பிடிக்காது. இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை.

போன பொங்கலுக்கு மறுபடி சுண்ணாம்புக்கே வந்தோம். கொத்தனார் அண்ணன் சுவரை ஒரு பார்வை பார்த்துட்டு, "நாலு மூட்டை வாங்கிடுங்க தம்பி"ன்னார். அங்கேதான் எனக்கு ஒரு கேள்வி: எந்த மூட்டை? கடையில் ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு சூளையில் சுட்டு வந்த கல் சுண்ணாம்பு, இன்னும் தண்ணி படாதது. இன்னொண்ணு ஏற்கனவே நீற்றி, பையில் அடைச்ச தூள். ஒரு கிலோ சுத்தமான சுட்ட சுண்ணாம்பு தண்ணியைக் குடிச்சுத் தூளாகும்போது, எடை 1.32 கிலோ ஆகிடும். அதாவது தூள் வாங்கினா, எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு தண்ணிக்குக் காசு குடுக்கிறோம். கிலோ விலையை நேரா ஒப்பிடாதீங்க. தூள் விலையை 1.32-ஆல் பெருக்கிட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

சரி, சுவருக்கு வருவோம். வீடு வெளியே 30-க்கு 20 அடி, சுவர் உயரம் 10 அடி. சுற்றளவு 100 அடி, அப்போ 1,000 சதுர அடி. ரெண்டு பக்கமும் ஓட்டுக்குக் கீழே முக்கோணச் சுவர் இருக்கு, ஒவ்வொண்ணும் 50. ஆக வெளியே 1,100. உள்ளே 15-க்கு 18 ஒரு கூடம், 12-க்கு 18 ஒரு அறை. ரெண்டுக்கும் சேர்த்துச் சுற்றளவு 126 அடி, அதாவது 1,260 சதுர அடி. கதவு, ஜன்னலை ஒரு பக்கம் மட்டும் கழிச்சா போதும். மறுபக்கம் கழிக்காம விடுறது, ஜன்னலோட பக்கவாட்டுச் சுவருக்கு ஈடாகிடும். பொதுப்பணி அளவைகளிலும் நடுத்தர அளவுத் திறப்புகளுக்கு இதுதான் வழக்கம். வெளிச்சுவரில் இருக்கிற கதவு ஜன்னலுக்கு 90, உள்கதவுக்கு 21 போக, வெளியே 1,010, உள்ளே சுமார் 1,240.

அடுத்து எத்தனை கோட். இதை வீடு முழுக்க ஒரே எண்ணா வைக்காதீங்க. எங்க வெளிச்சுவரில் எமல்ஷனைச் சுரண்டி எடுத்ததால பூச்சே தெரிஞ்சுது, அது புதுச் சுவர் மாதிரி. மூணு கோட் வேணும். உள்ளே பழைய சுண்ணாம்பு உறுதியா இருந்துச்சு. அதனால ரெண்டு போதும். ஆக 3,030-உம் 2,480-உம் சேர்த்து 5,510 சதுர அடி. எஸ்டிமேட் போடுறவங்க கைக்கணக்கு, 100 சதுர மீட்டருக்கு ஒரு கோட் அடிக்க 10 கிலோ சுட்ட சுண்ணாம்பு. நம்ம கணக்கில் 100 சதுர அடிக்கு ஒரு கிலோ கிட்ட வரும். அப்போ 55 கிலோ. தூளா வாங்கினா 73 கிலோ, அதாவது 25 கிலோ பையில் மூணு. நாலு மூட்டை எந்தக் கணக்கிலும் வரலை.

ஆனா இந்த 55 கிலோ, சுண்ணாம்பு நல்லா இருந்தாத்தான். நான் மொத்தமா வாங்காம முதல்ல ஒரு கிலோ வாங்கி, இரும்பு வாளித் தண்ணியில் போட்டேன். புதுக் கல்லுன்னா சில நிமிஷத்தில் சீறி, கொதிச்சு, உடைஞ்சு பொங்கும். முதல் கடைக் கல் சும்மா வெதுவெதுன்னு இருந்துச்சு. மறுநாள் பார்த்தா ஒரு லிட்டர் களிகூட இல்லை. வடிகட்டினா துணியில் கை நிறைய மணலும் வேகாத கல்லும். அது கடையில் திறந்து கிடந்து காத்து பட்டே செத்துப் போன சரக்கு. இன்னொரு கடையில் வாங்கின ஒரு கிலோவில், வெண்ணெய் மாதிரி ரெண்டு லிட்டருக்கு மேல களி படிஞ்சுது. அங்கேதான் 60 கிலோ எடுத்தேன், கழிவுக்குக் கொஞ்சம் சேர்த்து.

இந்த ஒரு கிலோ சோதனைதான் உண்மையான பணக் கணக்கு. எங்களுக்குச் சுண்ணாம்பு 1,200 ரூபாய்தான். ரெண்டு ஆள் நாலு நாள் கூலி 7,200. மட்டமான சுண்ணாம்பில் நூறு ரூபாய் மிச்சம் பிடிச்சு, அது கையோட வந்துட்டா, போறது கூலி. அதனால சுண்ணாம்பில் பேரம் பேசாதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

நீற்றும்போது தண்ணியில் சுண்ணாம்பைப் போடணும், சுண்ணாம்பு மேல தண்ணி ஊத்தக் கூடாது. கண்ணாடி கட்டாயம், குழந்தைங்க கிட்ட வரக் கூடாது. கண்ணில் தெறிச்சா பார்வையே போகலாம். கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணி. 200 லிட்டர் டிரம்மில் 30 கிலோதான் அடங்கும், அதனால ரெண்டு தடவையாப் போட்டோம். ஒரு நாள் முழுக்க ஊற விட்டு, துணியில் வடிகட்டி, 10 லிட்டருக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைச்சுச் சேர்த்தோம். நீலம் கிலோவுக்கு 3 கிராமுக்கு மேல வேண்டாம்.

அடிக்கும்போது ஒரு சண்டை வந்தது. முதல் கோட் ஈரமா இருக்கும்போது சுவர் தெரியத்தான் செய்யும். காஞ்ச பிறகுதான் வெளுக்கும். அப்பா அதைப் பார்த்துட்டு, "தண்ணியா இருக்கு, கெட்டியாக் கரைப்பா"ன்னார். கெட்டியா அடிச்சா காயும்போது வெடிச்சு, செதில் செதிலா உதிரும். அதுவும் மூட்டை கூடுறதுக்கு ஒரு காரணம். "நாளைக்குக் காலையில பாருங்கப்பா"ன்னு சொல்லித் தப்பிச்சேன். சுவரை முதல்ல தண்ணி தெளிச்சு நனைச்சு, மெல்லிசா அடிச்சு, நல்லாக் காஞ்ச பிறகு அடுத்த கோட். மூணாவது கோட் காஞ்ச மறுநாள் அப்பாவே உள்ளங்கையால தேய்ச்சுப் பார்த்தார். லேசாத்தான் ஒட்டுச்சு. ஒண்ணும் சொல்லலை, திண்ணையில போய் உட்கார்ந்துட்டார்.

மிச்சம் அஞ்சு கிலோ இருந்துச்சு. கல்லாவே வெச்சா அடுத்த வருஷத்துக்குள்ள காத்து பட்டுச் செத்துடும். அதனால நீற்றி, மேல எப்பவும் தண்ணி நிக்கிற மாதிரி பழைய மண்பானையில மூடி வெச்சிருக்கோம். வெளிச்சுவரில் மழை அடிக்கிற பக்கத்துக்கு இந்தப் பொங்கலுக்கு அதுவே ஒரு கோட் ஆகும்.