ஐந்தாம் தேதி என்னும் உடன்பாடு: நிர்வாக இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

பொருள்: சனவரி, பிப்ரவரி மாத ஊதியம் உரிய நாளில் வழங்கப்படாமை.

கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்களைத் தயாரித்து வழங்கும் இந்நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு ஊழியருக்கு அளிக்கப்பட்ட பணி நியமனக் கடிதம், ஒவ்வொரு மாதத்தின் ஊதியமும் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும் என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. ஆயினும் சனவரி மாத ஊதியமான ரூ.32,000 பிப்ரவரி 21 அன்றுதான் வரவானது. மார்ச் 5 அன்று வந்திருக்க வேண்டிய பிப்ரவரி மாத ஊதியம், இம்மடல் எழுதப்படும் மார்ச் 16 வரை வரவாகவில்லை.

நியமனக் கடிதத்தில் குறிக்கப்பட்ட நாள் இரு தரப்பும் கையொப்பமிட்ட உடன்பாடாதலால், ஒரு தரப்பு மட்டும் அதை மாற்றிக்கொள்ள இயலாது. அந்த உடன்பாட்டுக்கு அப்பால், சட்டமும் ஓர் இறுதி எல்லையை வகுத்துள்ளது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, அதாவது ஊதியம் தொடர்பான நான்கு பழைய சட்டங்களை ஒருங்கிணைத்த சட்டம், மாத ஊதியத்தை அடுத்த மாதத்தின் ஏழாம் நாள் முடிவதற்குள் வழங்க வேண்டும் என்று தன் 17ஆம் பிரிவில் விதிக்கிறது. ஆகவே 5ஆம் தேதி ஒப்பந்தத்தின் எல்லையாகவும், 7ஆம் தேதி சட்டத்தின் எல்லையாகவும் அமைய, இரு மாதங்களிலும் இரண்டுமே கடக்கப்பட்டுள்ளன.

பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வரவேண்டிய தொகை நிலுவையில் இருப்பதே தாமதத்துக்குக் காரணம் என்று மனிதவளப் பிரிவு வாய்மொழியாகத் தெரிவித்தது. அந்த நெருக்கடி உண்மையானது என்பதைக் கொள்முதல் பிரிவில் இருப்பவர் அறிவார். எனினும் வாடிக்கையாளரின் நிலுவை நிறுவனத்துக்கும் அவருக்கும் இடைப்பட்ட வணிகக் கணக்காகும். முடிந்துபோன மாதத்தின் உழைப்புக்குரிய ஊதியம் அக்கணக்கைச் சார்ந்ததன்று. சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற இந்நிறுவனத்துக்கு அந்த நிலுவையை வசூலிக்கத் தனி வழியும் உண்டு: 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் குறிக்கப்பட்டிருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கும் வாங்குநர், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி செலுத்தக் கடமைப்பட்டவர் ஆகிறார். அவ்வழியை நாடாமல் ஊதியத்தை நிறுத்திவைப்பது, ஊழியரைக் கேளாமலே அவரிடமிருந்து வட்டியில்லாக் கடன் பெறுவதாக முடிகிறது.

அந்தக் கடனின் சுமை ஊழியர் பக்கம் வேறு வடிவில் ஏறுகிறது. ஊதிய நாளைக் கணக்கிட்டே 7ஆம் தேதி பிடித்தம் செய்யுமாறு அமைக்கப்பட்ட வீட்டுக்கடன் தவணை, கணக்கில் இருப்பின்மையால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் திரும்பியது. ஒவ்வொரு முறையும் வங்கி ரூ.500 கட்டணமும் அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேர்த்து ரூ.590 பிடித்தது. ஊதியம் பின்னர் முழுமையாக வந்தாலும் இத்தொகை மீள்வதில்லை. தவணை தவறியதன் பதிவு கடன் தகுதி மதிப்பெண்ணையும் குறைக்கிறது.

ஆவணத்திலும் ஒரு பிழை உள்ளது. சனவரி மாதச் சம்பளச் சீட்டில் ஊதியம் வழங்கிய நாள் பிப்ரவரி 5 என அச்சாகியுள்ளது. வங்கிக் கணக்கு அறிக்கையோ பிப்ரவரி 21 என்கிறது. ஊதியம் வழங்கப்படவில்லை என்று கோரிக்கை எழும்போது, வழங்கியதை நிரூபிக்கும் பொறுப்பை அச்சட்டத்தொகுப்பின் 59ஆம் பிரிவு வேலையளிப்பவர் மீதே சுமத்துவதால், உண்மையான நாளைக் குறிப்பது நிர்வாகத்துக்கும் நலம் பயக்கும்.

எனவே மூன்று கோரிக்கைகள் பணிவுடன் முன்வைக்கப்படுகின்றன. பிப்ரவரி மாத ஊதியம் மார்ச் 23க்குள் முழுமையாக வரவு வைக்கப்பட வேண்டும். முழுத்தொகை அன்று இயலாதெனில், பாதித் தொகையை அன்றே வழங்கி, மீதிக்கான நாளை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். வங்கி பிடித்த ரூ.1,180, இணைக்கப்பட்டுள்ள அறிக்கையின் அடிப்படையில் ஈடுசெய்யப்பட வேண்டும். சம்பளச் சீட்டில் வரவான நாள் திருத்தப்பட வேண்டும்.

மார்ச் 23க்குள் எழுத்துவழிப் பதில் கிடைக்காவிடில், சட்டத்தொகுப்பின் 45ஆம் பிரிவின்கீழ் உரிய அதிகாரியிடம் கோரிக்கை மனு அளிப்பதைத் தவிர வேறு வழி இராது. மூன்று ஆண்டுகளுக்குள் அளிக்கத்தக்க அம்மனுவின்மீது, உரிய தொகையுடன் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க அவ்வதிகாரி ஆணையிடலாம். அந்நிலை எழாமல், நிறுவனத்துக்குள்ளேயே இது தீர்க்கப்பட வேண்டும் என்பதே இம்மடலின் நோக்கம்.

இப்படிக்கு,
கொள்முதல் பிரிவு ஊழியர்

இணைப்பு: நியமனக் கடித நகல், சனவரி மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை.