எஸ்.எம்.பி.எஸ். இலவசமாம்... யார் காதில் பூ?

மக்களே, இன்றைக்கு வங்கிக் கதை இல்லை. கொஞ்சம் கோபக் கதை.

ஊரை விட்டு திருவனந்தபுரம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. பத்தாவது முடித்த பையனுக்கு இங்கேயே ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி வாங்கிக் கொடுத்தேன். ஐ5-12400எஃப் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்டோடு "450 வாட்" எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்றார்கள். பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டியவன் நான்தான்.

இரண்டாவது வாரமே ஆரம்பித்தது. பிரவுசரில் இருந்தால் ஒன்றுமில்லை. படம் பார்த்தால் ஒன்றுமில்லை. விளையாட்டில் நாலு வெடி வெடித்ததும் பொட்டென்று அணைந்துவிடும். நீலத் திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. சில நேரம் பட்டனை அழுத்தினாலும் உயிர் வராது. சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் வரும்.

கடைக்காரர் சொன்ன ஒரே பதில்: "வோல்ட்டேஜிண்டெ பிரச்னமா, சாரே." ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார். வாங்கினேன். விண்டோஸ் மாற்றினார், ரேம் மாற்றினார். கடைசியில் கிராபிக்ஸ் கார்டையே வாரண்டிக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்து "ஒரு குறையும் இல்லை" என்று திரும்பி வந்தது.

மின்வாரியத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் கம்ப்யூட்டர் அணைந்த நொடியில் தலைக்கு மேல் ஃபேன் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்ததே! அப்புறம் என்ன வோல்ட்டேஜ் பிரச்சினை?

கேபினெட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி வாட் எல்லாம் பெரிதாக வேலையில்லாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கிடக்கிறது. பி.காம் படித்தவர்களுக்குப் புரியும்படி சொன்னால், 450 என்பது அங்கீகரிக்கப்பட்ட மூலதனம். 216தான் செலுத்தப்பட்ட மூலதனம். எதை நம்பிக் கடன் கொடுப்பீர்கள்?

செலவுப் பக்கம் பாருங்கள். கார்டு மட்டும் 170 வாட். விளையாடும்போது பிராசஸர் ஒரு 60. ஃபேன், டிஸ்க், போர்டு சேர்ந்து ஒரு 25. மொத்தம் 255. வரவோ 216!

அதோடு முடியவில்லை. 170 என்பது சராசரிதான். திரையில் காட்சி திடீரென்று மாறும்போது, மில்லி செகண்ட் கணக்கில், கார்டு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். மென்பொருள் மீட்டரில் அது தெரியாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தெரியும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடும். இது கற்பனை இல்லை. 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, புது வகை கிராபிக்ஸ் இணைப்பு உள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்.எம்.பி.எஸ்.கள் தங்கள் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும் என்கிறது. வாங்கித் தந்த கார்டையே தாங்காத பெட்டிக்கு இதெல்லாம் எங்கே!

சோதனைக்கு ஐந்து பைசா செலவில்லை. என்விடியா கார்டு என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இப்படி அடியுங்கள்:

```
nvidia-smi -pl 120
```

கார்டின் வரம்பு 120 வாட்டுக்கு இறங்கும். பையன் அன்று மாலை முழுக்க விளையாடினான், ஒரு தடவைகூட அணையவில்லை. வரம்பைப் பழையபடி 170 ஆக்கினோம். பத்தாவது நிமிஷம் பொட்! Event Viewer-ல் Kernel-Power 41, அதற்குள் BugcheckCode 0. விண்டோஸ் தானாக விழவில்லை, மின்சாரம் பிடுங்கப்பட்டது என்பதற்கு இது ஒரு தடயம். சூட்டினால் அணைவதென்றால் வெப்பநிலை மெல்ல ஏறி உச்சத்துக்குப் போன பிறகு அணையும். இங்கே கார்டு 65 டிகிரியைத் தாண்டவே இல்லை.

"அப்போ ஆயிரம் வாட் வாங்கணுமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம். 3060-க்கு என்விடியாவே 550 வாட் என்றுதான் சொல்கிறது. நான் வாங்கிய 550-ல் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர், அதாவது 540 வாட். கார்டுக்குத் தனி 8 பின் வயரும் இருந்தது. பழையதில் அதுவும் கிடையாது. மோலக்ஸ் கன்வெர்ட்டரைச் செருகி ஒப்பேற்றியிருந்தார்கள். உருகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். மாற்றியபின் இன்றுவரை ஒரு தடவைகூட அணையவில்லை.

என் கோபம் இதுதான். மூன்று வாரம் கார்டை அலைய விட்டவர்களுக்கு அந்த லேபிளைப் படிக்க மூன்று நிமிஷம் கிடைக்கவில்லையா? இனி யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் பில்லில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தனி வரி கேளுங்கள். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

டிஸ்கி: யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கழற்றிவிட்டு, சுவர் பிளக்கில் நேராகச் செருகிச் சோதியுங்கள். சின்ன யு.பி.எஸ்.ஸும் பாரம் தாங்காமல் இதே வேலையைச் செய்யும். பாவம், எஸ்.எம்.பி.எஸ்.ஸை அநியாயமாகத் திட்டக்கூடாது பாருங்கள் :-)