ஆயிரம் ரூபாய் ஆபத்துக்கு ஆயிரத்து முந்நூறு

"ஆண்டுதோறும் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறோம், வீடு எரிவதுமில்லை, பணம் திரும்புவதுமில்லை. இது வீண் செலவன்றோ?" என்று கேட்கும் குடும்பத் தலைவர்கள் பலர். இம்மாதம் அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

பாலக்கரை, உறையூர், ஸ்ரீரங்கம் எனச் சிதறிக் கிடக்கும் 100 வீடுகளை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டிலும் 1,00,000 ரூபாய் பெறுமான பொருள்கள் உள்ளன. சராசரியாக ஆண்டுக்கு ஒரு வீடு தீக்கிரையாகிறது எனக் கொண்டால், வீட்டுக்கு 1,000 ரூபாய் வீதம் திரட்டினால் இழப்பு ஈடாகிவிடும். ஆயினும் காப்பீட்டு நிறுவனம் 1,300 ரூபாய் கேட்கிறது. மிகுதி 300 ரூபாய் அலுவலகச் செலவுக்கும், இழப்பை மதிப்பிடுவோர் ஊதியத்துக்கும், கெட்ட ஆண்டுக்கான சேமநிதிக்கும் போகிறது.

அந்த 300 ரூபாயை நாம் ஏன் தருகிறோம்? எல்லா ரூபாயும் ஒரே எடையுடையன அல்ல. 1,300 ரூபாய் குறைந்தால் ஒரு புதுச் சேலை தள்ளிப்போகும். ஓரிலட்சம் ஒரே இரவில் போனால் மகளின் படிப்பே நின்றுவிடும்.

கணித மேதை டேனியல் பெர்னூலி 1738-இலேயே இதை விளக்கினார். வணிகன் ஒருவன் 10,000 ரூபிள் சரக்கைக் கப்பலில் வரவழைக்கிறான். நூற்றுக்கு ஐந்து கப்பல்கள் மூழ்குவதால் சராசரி இழப்பு 500 ரூபிள், பிரீமியமோ 800. இச்சரக்கைத் தவிர 5,043 ரூபிளுக்குக் குறைவான சொத்தே உள்ளவன் காப்பீடு செய்வதே அறிவுடைமை. அதற்கு மேல் உள்ளவன் தானே இழப்பைத் தாங்கலாம் என்பது அவர் கண்ட விடை. ஆகவே குடைக்கும் கைக்கடிகாரத்துக்கும் காப்பீடு வேண்டியதில்லை, வீட்டுக்கு வேண்டும்.

இனி நிறுவனத்தின் பக்கம் பார்ப்போம். 100 வீடுகளில் ஓராண்டு ஒன்றும் எரியாமலும், மற்றோராண்டு மூன்று எரிந்தும் போகலாம். 10,000 வீடுகள் சேர்ந்தால் எரிபவை பெரும்பாலும் 80-க்கும் 120-க்கும் இடையிலேயே நிற்கும். தனி வீட்டுக்குத் தெரியாத எதிர்காலம், கூட்டத்துக்கு ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஒரு வீட்டின் துன்பம் மறுவீட்டைச் சாராதிருக்க வேண்டும். வெள்ளம் அவ்வாறன்று. 1977 நவம்பரில் திருச்சி நகருக்குள் வெள்ளம் புகுந்தபோது தெருத் தெருவாக வீடுகள் ஒருசேர மூழ்கின. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகிய ஸ்ரீரங்கத்தார் மட்டும் தமக்குள் நிதி திரட்டினால், வெள்ளம் வரும் நாளில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே ஆவர். எனவேதான் நிறுவனங்கள் தொலைதூர ஊர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. தம் சுமையின் ஒரு பங்கை மறுகாப்பீடு செய்து பிறர் தோளிலும் ஏற்றுகின்றன.

ஆகவே பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இரண்டைப் பாருங்கள்: தீயுடன் வெள்ளமும் அதில் அடங்கியுள்ளதா? வீட்டுக் கட்டடத்துடன் உள்ளே இருக்கும் பொருள்களும் சேர்ந்துள்ளனவா? 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் சேர்க்கப்பட்டுள்ளது. இவ்விரண்டும் அடங்கியிருந்தால், அந்த 300 ரூபாய் வீணன்று. ஆற்றோரத்தில் அச்சமின்றி உறங்குவதற்கு நாம் தரும் விலை அது.